டிஎஸ்எச் கூடியிருக்கிறது, நோயின் பெயர் ஏன் 'ஹைப்போ'?

வணக்கம் மக்களே! சொல் வேட்டை ஞாயிற்றுக்கிழமைதான் வரும் என்று உங்களுக்குத் தெரியும். இந்த வாரம் புதன்கிழமையே வந்துவிட்டேன். காரணம், நேற்று எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நடந்த கூத்து. அத்தையின் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் வந்தது. டிஎஸ்எச் 38 என்று போட்டு, பக்கத்தில் தடித்த எழுத்தில் ஓர் 'எச்'. டாக்டர் சீட்டில் எழுதியிருப்பதோ 'ஹைப்போதைராய்டிசம்'. உடனே ஆளாளுக்கு ஆரம்பித்துவிட்டார்கள். எச் என்றால் ஹைப்பர்தானே, டாக்டர் மாற்றி எழுதிவிட்டார், மாத்திரையைத் தொடாதே என்று ஒரு சித்தப்பா தீர்ப்பே சொல்லிவிட்டார். டாக்டர் எழுதியது நூற்றுக்கு நூறு சரி!

அதற்கு முன்னால் அந்த லேப் பற்றி ஒரு வார்த்தை. கலர் பிரிண்ட் வேண்டுமென்றால் தனியாக 60 ரூபாய். கறுப்பு வெள்ளை என்றால் சும்மா. அறுபது ரூபாய் கொடுத்து வாங்கினால் கலர் எதற்குப் பயன்பட்டிருக்கிறது தெரியுமா? மேலே அவர்களுடைய லோகோவுக்கு! சோதனை எண்கள் எல்லாம் அதே கறுப்பு. அந்த எச் என்பது 'ஹை', அதாவது அளவு வரம்பை மீறியிருக்கிறது என்று கீழே ஒரு வரி போட எவ்வளவு மை ஆகியிருக்கும்? ஹைப்போ, ஹைப்பர் இரண்டுமே எச்-இல்தான் தொடங்குகின்றன. அப்படியிருக்க ஒற்றை எழுத்தை மட்டும் போட்டால் வீட்டில் சண்டை வராமல் என்ன செய்யும்? எனக்கு இது பிடிக்கவே இல்லை.

சரி, சொல்லுக்கு வருவோம். கிரேக்கத்தில் ஹைப்பர் என்றால் மேலே, மீறி. ஹைப்போ என்றால் கீழே, அடியில். நாம் எதற்கெடுத்தாலும் 'சூப்பர்' என்கிறோமே, அந்த லத்தீன் சொல் ஹைப்பருக்கு உடன்பிறப்பு. அதேபோல 'சப்-இன்ஸ்பெக்டர்' என்பதில் வரும் சப், ஹைப்போவுக்கு உடன்பிறப்பு. இந்த இரண்டு ஜோடியையும் மனதில் வைத்துக்கொண்டால் எது மேலே, எது கீழே என்ற குழப்பம் வராது.

ஆனால் முன்னொட்டு தெரிந்தால் மட்டும் போதாது. எது கூடியது, எது குறைந்தது என்பதை நடுவில் இருக்கும் சொல்தான் சொல்லும். ஹைப்போ-தைராய்டு-இசம். நடுவில் இருப்பது தைராய்டு, டிஎஸ்எச் இல்லை! குறைந்திருப்பது தைராய்டு சுரப்பியின் வேலை. தைராய்டு என்பதும் கிரேக்கம்தான். 'தைரியோஸ்' என்றால் கதவு போன்ற நீண்ட கேடயம். கழுத்தில் இருக்கும் கேடய வடிவக் குருத்தெலும்புக்கு முதலில் அந்தப் பெயர் இருந்தது. 1656-இல் தாமஸ் வார்ட்டன் என்ற ஆங்கிலேய மருத்துவர் அதன் பக்கத்தில் இருந்த சுரப்பிக்கும் அந்தப் பெயரை வைத்தார்.

அப்படியானால் டிஎஸ்எச் ஏன் கூடியது? அது தைராய்டு சுரக்கும் பொருளே இல்லை. மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, "வேலை செய்" என்று தைராய்டுக்கு அனுப்பும் ஆணை. காலையில் எழுந்திருக்காத பையனை எழுப்பும் அம்மாவை நினைத்துக்கொள்ளுங்கள். பையன் அசையவில்லை என்றால் அம்மாவின் குரல் ஏறிக்கொண்டே போகும். தைராய்டு சோர்ந்தால் டிஎஸ்எச் ஏறும். சாதாரணமாக அது சுமார் 0.4-இலிருந்து 4 வரை இருக்கும். அத்தைக்கு 38. குரல் தெருவுக்கே கேட்கிறது!

அட, எஃப்டி4-ஐச் சொல்ல விட்டுவிட்டேன். அதே ரிப்போர்ட்டில் அடுத்த வரி. தைராய்டு தானே சுரக்கும் ஹார்மோன் ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்பதை அந்த வரிதான் காட்டும். அத்தைக்கு 0.5, அந்த லேப் போட்டிருக்கும் கீழ்வரம்பு 0.8. ஆக, ஆணை கூடியிருக்கிறது, சரக்கு குறைந்திருக்கிறது. டாக்டர் ஹைப்போ என்று எழுதியது இந்த இரண்டு வரியையும் சேர்த்துப் பார்த்துத்தான். சில பேருக்குப் பிட்யூட்டரியே பழுதாகி, டிஎஸ்எச் ஏறாமலே எஃப்டி4 குறையும். அதற்கும் பெயர் ஹைப்போதைராய்டிசம்தான். அதனால் பக்கத்தில் இருக்கும் எச், எல் எழுத்தை வைத்து நோயின் பெயரை யாரும் முடிவுசெய்ய வேண்டாம்.

அடுத்தது கொலஸ்ட்ரால் பக்கம். அங்கே 'ஹைப்பர்லிப்பிடீமியா' என்று இருந்தது. எனக்கு மிகவும் பிடித்த மாதிரிச் சொல் இது. கடைசியிலிருந்து பிரித்துப் பாருங்கள். 'ஈமியா' வந்தால் ரத்தத்தில் என்று அர்த்தம். 'ஹைமா' என்ற கிரேக்கச் சொல்லுக்கு ரத்தம் என்று பொருள். நடுவில் 'லிப்போஸ்', கொழுப்பு. முன்னால் ஹைப்பர். ரத்தத்தில் கொழுப்பு மிகுதி, அவ்வளவுதான். இதே வழியில் 'ஹைப்போகிளைசீமியா'வைப் பிரித்தால், நடுவில் இருப்பது 'கிளைக்கிஸ்', இனிப்பு. ரத்தத்தில் சர்க்கரை குறைவு.

அத்தை எண்ணெயைக் குறைத்துப் பல மாதங்கள் ஆகின்றன, அப்புறமும் கொழுப்பு ஏன் கூடியது என்று வீட்டில் எல்லோருக்கும் சந்தேகம். கெட்ட கொழுப்பைக் கல்லீரல் ரத்தத்திலிருந்து இழுத்துக்கொள்வதற்குத் தைராய்டு ஹார்மோன் வேண்டும். அது குறைந்தால் இழுக்கும் வேகமும் குறைந்து, கொழுப்பு ரத்தத்திலேயே தங்கிவிடும். ஒரு ஹைப்போதான் அந்த ஹைப்பரைக் கொண்டுவந்திருக்கிறது. அதனால்தான் கொலஸ்ட்ரால் கூடியவர்களுக்குத் தைராய்டையும் பார்க்கச் சொல்கிறார்கள்.

மூன்றாவது, கழுத்து ஸ்கேன். அதில் சுரப்பி 'ஹைப்போஎக்கோயிக்' என்று எழுதியிருந்தது. அதைப் பார்த்து இன்னொரு பதற்றம். இங்கே குறைவது எதிரொலி. கருவி அனுப்பும் ஒலி அங்கிருந்து குறைவாகத் திரும்பி வருவதால் படத்தில் அந்த இடம் கறுப்பாகத் தெரியும். உடலின் எதிர்ப்புச் சக்தியே தைராய்டைத் தாக்கும் ஹாஷிமோட்டோ நோயில் சுரப்பி இப்படித் தெரிவது வழக்கம். ஆனால் அந்தச் சொல் படத்தின் வெளிச்சத்தை மட்டும்தான் சொல்கிறது, நோய் எது என்று சொல்வதில்லை.

ஓர் இடத்தில் மட்டும் கவனம். ஹைப்போ என்றால் எப்போதும் குறைவு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வயிற்று ஸ்கேனில் 'ரைட் ஹைப்போகாண்ட்ரியம்' என்று இருந்தால் எதுவும் குறையவில்லை. 'காண்ட்ரோஸ்' என்றால் குருத்தெலும்பு. விலா எலும்புகளின் குருத்தெலும்புக்கு அடியில் இருக்கும் வலப் பக்கம் என்று இடத்தைச் சொல்கிறார்கள். 'ஹைப்போதலாமஸ்' என்பதும் அப்படியே, மூளையில் தலாமஸ் என்ற பகுதிக்குக் கீழே இருப்பது. பின்னால் வருவது ஓர் உறுப்பின் இடமாக இருந்தால் ஹைப்போ திசை காட்டுகிறது. 'ஈமியா', 'இசம்' என்று முடிந்தால் பெரும்பாலும் அளவு காட்டுகிறது.

இன்னொன்று, முடி கொட்டுகிறது என்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் லேபிலும் டாக்டரிடமும் கட்டாயம் சொல்லுங்கள். சில வகைத் தைராய்டு சோதனைகளில் பயோட்டின் குறுக்கே வந்து, டிஎஸ்எச் குறைவாகவும் எஃப்டி4 கூடுதலாகவும் காட்டும். ஒன்றும் இல்லாதவருக்கு ஹைப்பர்தைராய்டிசம் மாதிரி ரிப்போர்ட் வந்துவிடும்.

அத்தை இன்று காலை மாத்திரையை ஆரம்பித்துவிட்டார்கள். வெறும் வயிற்றில், காபிக்கு முன்னால். காபி அதை உடல் உறிஞ்சுவதைக் குறைக்கும். ஆறு முதல் எட்டு வாரம் கழித்து மறுபடி டிஎஸ்எச் பார்க்க வேண்டும், கூடவே கொலஸ்ட்ராலும். அந்த ரிப்போர்ட் வந்ததும் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறேன். உங்கள் வீட்டு ரிப்போர்ட்டில் புரியாத ஹைப்போ, ஹைப்பர் இருந்தால் அந்தச் சொல்லை மட்டும் கமெண்டில் போடுங்கள், பேர் ஊர் எதுவும் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பிரிப்போம்.