விளக்கு எரிகிறது, சாம்பார் சுடவில்லை

வணக்கம். மைக்ரோவேவ் அடுப்பு பழுது பார்க்கப் போகிற வீடுகளில் நான் அடிக்கடி கேட்கும் புகார் இது: "லைட் எரியுது, தட்டு சுத்துது, சாம்பார் மட்டும் ஜில்லுன்னு இருக்கு."

விளக்கும் தட்டைச் சுற்றும் மோட்டாரும் ஓடுவதற்கு வீட்டு மின்சாரமே போதும். சூடாக்குவது மேக்னட்ரான் என்கிற வேறொரு பாகம். அதற்குக் கிட்டத்தட்ட 4000 வோல்ட் வேண்டும். அதனால் விளக்கு எரிவதை வைத்துச் சூடு வருமா என்று சொல்லவே முடியாது.

முதலில் மைக்ரோ பட்டனைத்தான் அழுத்தினீர்களா என்று பாருங்கள். கடையில் காட்டுவதற்கான டெமோ நிலையும் சில மாடல்களில் உண்டு. அதில் நேரம் ஓடும், சூடு வராது. அப்புறம் ஒரு கோப்பைத் தண்ணீரை முழு பவரில் ஒரு நிமிடம் வையுங்கள். தண்ணீர் நன்றாகச் சூடாகியிருக்க வேண்டும். பச்சைத் தண்ணீராகவே இருந்து, வழக்கமான கனத்த உறுமலும் கேட்கவில்லையென்றால் கோளாறு உள்ளே இருக்கிறது. உறுமல் வழக்கத்தைவிடப் பலமாக இருந்தால் உடனே நிறுத்திவிடுங்கள்.

போன மாதம் ஒரு வீட்டில் நான் போவதற்குள் அந்த வீட்டுக்காரர் பின்பக்க ஸ்குரூக்களில் பாதியைக் கழற்றி வைத்திருந்தார். "ராத்திரியே பிளக்கைப் பிடுங்கிட்டேன் சார், அப்புறம் என்ன பயம்?" என்றார். ஸ்குரூடிரைவரை வாங்கி வைத்துக்கொண்டேன்.

உள்ளே உள்ளங்கை அளவில் ஒரு தகர டப்பா இருக்கும். அதுதான் கெபாசிட்டர். பிளக்கைப் பிடுங்கினாலும் அதில் மின்சாரம் தங்கும். அதை மெல்ல வடியவிட ஒரு சிறு ரெசிஸ்டர் உண்டு, ஆனால் அது பழுதானால் வெளியிலிருந்து தெரியாது. அந்த வீட்டில் மேக்னட்ரானுக்குப் போகிற வயரின் முனை கருகி விட்டுப்போயிருந்தது. அதாவது கெபாசிட்டர் நிரம்புகிறது, செலவழிக்க ஆளில்லை. உணவு சூடாகாத அடுப்பில்தான் டப்பா நிறைந்து கிடக்க வாய்ப்பு அதிகம் என்பதைப் பலரும் யோசிப்பதில்லை. அதற்கென உள்ள கருவியால் நான் அதை வடித்தபோது 'டப்' என்று ஒரு பொறி பறந்தது. அவர் இரண்டடி பின்னால் போனார்.

வெளி மூடியைக் கழற்றி வைத்து ஓட்டிப் பார்ப்பது இதைவிட மோசம். மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவியை நம்பி, "வீட்டில் ஈ.எல்.சி.பி. இருக்கே" என்பார்கள். வோல்ட்டை உயர்த்துகிற டிரான்ஸ்பார்மருக்கு அந்தப் பக்கம் நடப்பது ஈ.எல்.சி.பி.க்குத் தெரியாது. உங்கள் உடம்பு வழியாகப் பாய்ந்தாலும் அது விழாது.

அன்று மாற்றியது வயர் முனையும், ரெசிஸ்டர் பழுதாகியிருந்த கெபாசிட்டரும்தான். மூடியை மாட்டிவிட்டு ஒரு கோப்பைத் தண்ணீர் வைத்தோம். ஒரு நிமிடத்தில் ஆவி வந்தது.