அழாத பிள்ளைக்கு யார் பால் கொடுப்பது?
(விடுதிக் காப்பாளர் பயிற்சித் தொடக்க விழா உரை)

தலைமை தாங்கும் முதல்வர் அவர்களே, கோப்புகளை விட்டுவிட்டு வந்திருக்கும் இணை இயக்குநர் அவர்களே, மனநலத்துறை மருத்துவர் அம்மா அவர்களே, வாசல் வரை வந்து வரவேற்ற துணைக் காப்பாளர்களே, வணக்கம்.

'அழுத பிள்ளை பால் குடிக்கும்' என்பார்கள். விடுதிப் பிள்ளை அழுவதில்லை. அதனால்தான் இந்தத் தற்கொலைத் தடுப்புப் பயிற்சி. இதில் மூன்று பகுதிகள்: கவனிப்பது, கேட்பது, ஒப்படைப்பது. மூன்றையும் சொல்லிவிட்டுத்தான் இறங்குவேன்.

ஒரு விடுதியில் நடந்தது. சமையற்காரர் காப்பாளரிடம், "ஐயா, அந்தத் தம்பி மூன்று நாளாக மோர் மட்டும் குடிக்கிறான்" என்றார். காப்பாளர் மெஸ் பதிவேட்டைப் புரட்டினார். ஊருக்குப் போனதாகக் குறிப்பு இல்லை. அறைத்தோழனைக் கேட்டால், "கால்குலேட்டரை எனக்கே கொடுத்துவிட்டான் சார்" என்கிறான். செமஸ்டர் முடிய இன்னும் ஒரு மாதம்! காப்பாளர் அவனைத் தனியே அழைத்து உட்காரவைத்தார். "சாப்பிட்டாயா?" "ம்." "படிக்கிறாயா?" "ம்." பிறகு நேராகக் கேட்டார்: "தம்பி, தற்கொலை செய்துகொள்ளலாம் என்ற எண்ணம் வருகிறதா?" பையன் வெகுநேரம் தரையையே பார்த்திருந்துவிட்டு உடைந்து அழுதான். அரியர், அப்பாவின் கடன், எல்லாம் வந்தது.

கவனியுங்கள், "அப்படியெல்லாம் நினைக்கவில்லையே?" என்று அவர் கேட்கவில்லை. அப்படிக் கேட்டால் "இல்லை சார்" என்ற பதிலைக் கையில் கொடுத்தே கேட்பதாகும். கேட்பதால் எண்ணம் முளைத்துவிடும் என்ற பயமும் வேண்டாம். ஆய்வுகள் அப்படிக் காட்டவில்லை. "பெற்றவர்களை நினைத்துப் பார்" என்று அறிவுரை சொல்லவில்லை. "யாரிடமும் சொல்லாதீர்கள்" என்று பையன் கேட்டபோது சத்தியமும் செய்யவில்லை. "உன்னைக் காப்பாற்ற வேண்டியவர்களிடம் மட்டும் சொல்வேன்" என்றார். அங்கிருந்தே 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண்ணுக்கு அழைத்துப் பேசவைத்தார். இரவு அவனைத் தனியே விடவில்லை. காலையில் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குத் தானே கூட்டிப்போனார். எண்ணை எழுதிக் கொடுத்து அனுப்பியிருந்தால் அது ஒப்படைத்ததாகாது.

தலைவர் மணியடிக்கிறார். கவனிப்பது பற்றி மருத்துவர் அம்மா விரிவாகச் சொல்வார்கள்.

என் பழைய கோரிக்கையைச் சொல்லாமல் இறங்கமாட்டேன். ஊழியர்களுக்கு ஆண்டுக்கு இருமுறையாவது இப்பயிற்சி வேண்டும் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் வழிகாட்டியிருக்கிறது. சரி, பயிற்சி பெறுபவர் யார்? பகலெல்லாம் வகுப்பெடுத்துவிட்டு மாலையில் 'கூடுதல் பொறுப்பாக'க் காப்பாளராகிற உதவிப் பேராசிரியர். இரவு பதினொரு மணிக்கு அவர் வீட்டில். விடுதியில் இருப்பவர் காவலாளி. அழாத பிள்ளையை அந்த நேரத்தில் யார் பார்ப்பது? பயிற்சிச் சான்றிதழா?

இணை இயக்குநர் அவர்களே, விடுதியிலேயே தங்கும் முழுநேரக் காப்பாளர் பணியிடம் கேட்டு மனு கொண்டுவந்திருக்கிறேன். அதுவரை சமையற்காரரையும் காவலாளியையும் நாளைய வகுப்பில் முன்வரிசையில் உட்கார வையுங்கள். மனுவைத் தேநீர் இடைவேளையில் தருகிறேன். நன்றி, வணக்கம்.