மேட்ரிக்ஸ் வேண்டாம், மரம் போதும்: நெட்வொர்க் சிம்ப்ளெக்ஸ்

வணக்கம். இன்றைக்கு ஸ்லைடு எதுவும் இல்லை, ஒரு தாளும் பேனாவும்தான். நீங்களும் ஒரு தாள் எடுத்துக்கொண்டால் கூடவே போட்டுப் பார்க்கலாம்.

நான்கு முனைகள் வரைகிறேன்: க, ச, த, ப. க-வில் 6 பெட்டிகள் இருக்கின்றன. த-வுக்கு 1 வேண்டும், ப-வுக்கு 5 வேண்டும். ஒரு பெட்டிக்கான செலவை ஒவ்வொரு வழியின் மேலும் எழுதிவிடுகிறேன். க→ச 4, க→த 1, த→ச 1, ச→ப 1, த→ப 6. க→த வழியில் 4 பெட்டிக்கு மேல் போகாது. மற்றவற்றில் 10 வரை போகலாம். மொத்தச் செலவு மிகக் குறைவாக வரும்படி அனுப்ப வேண்டும். மினிமம் காஸ்ட் ஃப்ளோ என்பது இவ்வளவுதான்.

இதை அப்படியே லீனியர் புரோகிராமாக எழுதி, ஒரு விடையிலிருந்து அதைவிட நல்ல விடைக்குப் படிப்படியாக நகரும் பொது சிம்ப்ளெக்ஸ் முறையிடம் கொடுக்கலாம். விடை வரும். ஆனால் அது ஒவ்வொரு படியிலும் ஒரு பேசிஸ் மேட்ரிக்ஸைக் காரணிப்படுத்தி வைத்துக்கொண்டு, இரண்டு சமன்பாட்டுத் தொகுதிகளைத் தீர்க்கிறது. நம் கணக்கில் அந்த மேட்ரிக்ஸ் எப்படி இருக்கும் என்று பாருங்கள். ஒவ்வொரு வழிக்கும் ஒரு நிரல், அதில் ஒரு +1, ஒரு −1, மீதியெல்லாம் சுழி. சில வழிகள் சேர்ந்து ஒரு வளையம் ஆகிவிட்டால், அவற்றின் நிரல்களைக் குறி பார்த்துக் கூட்டினால் சுழி வந்துவிடும். பேசிஸ் என்பது அந்தப் படியில் தேர்ந்தெடுத்த, ஒன்றையொன்று சாராத நிரல்களின் தொகுப்பு. அதனால் பேசிஸுக்குள் வளையம் இருக்கவே முடியாது. வளையம் இல்லாமல் எல்லா முனைகளையும் இணைப்பது எது? ஸ்பேனிங் ட்ரீ. ஆக, பேசிஸ் என்பதே ஒரு மரம்தான். மரம் கையில் இருந்தால் மேட்ரிக்ஸ் எதற்கு? மரத்தை வைத்தே சிம்ப்ளெக்ஸ் போடுவதுதான் நெட்வொர்க் சிம்ப்ளெக்ஸ்.

முதல் மரமாக க→ச, ச→ப, க→த மூன்றையும் எடுத்துக்கொள்கிறேன். ஓட்டத்தை இலையிலிருந்து ஆரம்பித்துக் கண்டுபிடிக்கலாம். ப ஓர் இலை, அதற்கு 5 வேண்டும், எனவே ச→ப 5. அப்படியே மேலே போனால் க→ச 5. த-வும் இலை, க→த 1. செலவு 20 + 5 + 1 = 26. பெருக்கல் வந்தது செலவுக்கு மட்டும்தான். ஓட்டத்தைக் கண்டுபிடிக்க வகுத்தல்கூடத் தேவைப்படவில்லை.

அடுத்து பொட்டென்ஷியல். க-விலிருந்து மரத்தின் வழியே ஒரு பெட்டி வந்து சேர என்ன செலவாகிறது? க 0, ச 4, ப 5, த 1. இப்போது மரத்தில் இல்லாத வழிகளைப் பார்ப்போம். த→ச: த-வில் 1, வழிக்கு 1, ஆக 2-லேயே ச-வுக்கு வந்துவிடலாம். நாமோ 4 கொடுத்துக்கொண்டிருக்கிறோம். பெட்டிக்கு 2 மிச்சம். த→ப: 1 + 6 = 7, இப்போதைய 5-ஐவிட அதிகம், வேண்டாம்.

த→ச உள்ளே வந்ததும் மரத்தில் ஒரே ஒரு வளையம் உண்டாகிறது: க→த→ச, திரும்பி க. இந்த வளையத்தில் எவ்வளவு சுற்றி விடலாம்? க→ச-வில் 5 குறைக்கலாம், த→ச-வில் 10 ஏற்றலாம், க→த-வில் 3-தான் இடம் இருக்கிறது. எனவே 3. க→த நிரம்பி, மரத்தைவிட்டு வெளியேறுகிறது. செலவு 26 − 6 = 20.

நான் சொல்ல வந்த இடம் இதுதான். பொட்டென்ஷியல்களில் எது மாறியது? த மட்டும், 1-லிருந்து 3 ஆனது. மரத்திலிருந்து வெட்டுப்பட்டு வேறு இடத்தில் ஒட்டிய கிளைக்கு மட்டும் ஒரே அளவைக் கூட்டினால் முடிந்தது. ஆயிரக்கணக்கான முனைகள் இருந்தாலும் வேலை இந்த வளையத்துக்கும் அந்தக் கிளைக்கும்தான். ஒவ்வொரு முனைக்கும் அதன் பெற்றோர் யார், ஆழம் எவ்வளவு என்று சில அரேக்கள் வைத்துக்கொண்டால் போதும். இன்னொரு முறை சோதித்தால் த→ப 9, அது 5-ஐவிட அதிகம். க→த இன்னும் மலிவுதான், ஆனால் நிரம்பிவிட்டது. 20-தான் விடை.

ஒன்றைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இதில் படிகளின் எண்ணிக்கை குறையவில்லை, இதுவும் அதே சிம்ப்ளெக்ஸ்தான். ஒவ்வொரு படியும் மலிவாகிவிட்டது, அவ்வளவுதான். இன்றைய நல்ல பொது சால்வர்களும் சுழிகளைத் தவிர்த்துக் கணக்குப் போடுவதால், பாடப்புத்தகக் கணக்கு காட்டும் அளவுக்கு இடைவெளி இருக்காது.

சரி, எங்கே சிக்கும்? மரத்தில் ஒரு வழியில் ஓட்டம் 0 ஆக இருந்து, வளையம் அதைக் குறைக்கச் சொன்னால், சுற்றிவிடும் அளவு 0. மரம் மாறும், செலவு மாறாது. சால்வரின் லாகில் செலவு ஒரே எண்ணில் நிற்க, படி எண் மட்டும் ஏறிக்கொண்டே போனால் இதுதான் நடக்கிறது. சில சமயம் முடிவில்லாமலும் சுற்றும். இதற்கு 1976-இல் கன்னிங்ஹாம் ஒரு வழி சொன்னார்: எந்த முனையிலிருந்தும் மரத்தின் வழியே வேருக்கு, நம் படத்தில் க-வுக்கு, கொஞ்சமாவது அனுப்ப முடிகிற மரங்களை மட்டும் வைத்துக்கொள்வது. வளையத்தில் வேருக்கு மிக அருகில் உள்ள முனையிலிருந்து, சுற்றிவிடும் திசையில் நடந்து, மேலும் சுற்றவிடாமல் தடுக்கிற வழிகளில் கடைசியானதை வெளியேற்றினால் அது தானாகவே காப்பாற்றப்படும்.

அப்புறம், பைத்தானில் NetworkX லைப்ரரியின் `nx.network_simplex(G)` பயன்படுத்துகிறவர்கள் செலவையும் தேவையையும் முழு எண்ணாகக் கொடுங்கள். தசமத்தில் கொடுத்துவிட்டு ஒரு மாலை முழுக்க நான் காத்திருந்தது தனிக்கதை. 100-ஆல் பெருக்கி முழு எண்ணாக்கியதும் ஓடிவிட்டது. இன்னொன்று, `demand` கொடுக்கும்போது அனுப்புகிற முனைக்குக் குறை எண் போட வேண்டும். க-வுக்கு −6.

கடைசியாக ஒன்று. குறிப்பிட்ட இரண்டு வழிகளிலும் சேர்த்து 7-க்கு மேல் போகக் கூடாது என்பது மாதிரி ஒரு கூடுதல் நிபந்தனை வந்துவிட்டால், பேசிஸ் மரமாக இருக்காது. விடை முழு எண்ணாக வரும் என்ற உத்தரவாதமும் போய்விடும். அப்போது பொது சிம்ப்ளெக்ஸுக்கே திரும்பிப் போக வேண்டியதுதான்.