வேறு வேலைக்குக் கையெழுத்துப் போட்ட பிறகு

நேயர்களுக்கு வணக்கம்.

கோவையிலும் அதைச் சுற்றியும் இருக்கிற தொழிற்சாலைகளுக்கு ஆள் எடுக்கிற வேலையைப் பல வருடங்களாகச் செய்து வருகிறேன். இன்று ஒரே ஒரு போன் அழைப்பைப் பற்றித்தான் பேசப் போகிறேன். பலரும் செய்யத் தயங்கி, அப்படியே விட்டுவிடுகிற அழைப்பு அது.

ஒரு கம்பெனியில் இன்டர்வியூ எல்லாச் சுற்றும் முடிந்துவிட்டது. சம்பளமும் பேசியாயிற்று. "இந்த வாரத்துக்குள் ஆஃபர் லெட்டர் வந்துவிடும்" என்று எச்.ஆர். சொல்லியிருக்கிறார். அதற்குள் இன்னொரு கம்பெனி ஆஃபர் கொடுத்துவிட்டது, நீங்களும் கையெழுத்துப் போட்டுவிட்டீர்கள். இப்போது முதல் கம்பெனிக்கு "நான் வரவில்லை" என்று சொல்லியாக வேண்டும். எப்படிச் சொல்வது?

பெரும்பாலும் என்ன நடக்கிறது தெரியுமா? போனை எடுப்பதில்லை. வாட்ஸ்அப் செய்தியைப் படித்துவிட்டுப் பதில் போடுவதில்லை. தானாகப் புரிந்துகொள்வார்கள் என்று விட்டுவிடுகிறார்கள். இது திமிரால் வருவதில்லை. எதிர்முனையில் கோபப்படுவார்களோ என்கிற கூச்சம்தான். எனக்கு அது நன்றாகப் புரிகிறது. ஆனால் அந்த மௌனம் உள்ளே என்ன செய்கிறது என்று தெரிந்தால் நீங்கள் உடனே போனை எடுப்பீர்கள்.

கடைசிச் சுற்று முடிந்ததும் முதலிடத்தில் உங்கள் பெயர் இருக்கும். இரண்டாவதாக ஒருவர் இருப்பார். அவருக்கு நாங்கள் "இல்லை" என்று சொல்ல மாட்டோம். "முடிவு வரவில்லை, சொல்கிறோம்" என்போம். உங்கள் ஆஃபருக்கு நிதிப் பிரிவும் ஆலைத் தலைவரும் ஒப்புதல் தருகிற வரைக்கும் அந்த மனிதர் காத்திருக்கிறார். நீங்கள் மறைக்கிற ஒவ்வொரு நாளும் அவருடைய நாள். இதை நான் போகிற இடமெல்லாம் சொல்வேன், இன்றும் இன்னொரு தடவை சொல்லாமல் விடமாட்டேன்.

ஒரு சம்பவம் சொல்கிறேன். பம்பு தயாரிக்கும் ஒரு நிறுவனத்துக்குக் குவாலிட்டி இன்ஜினியர் எடுத்துக்கொண்டிருந்தோம். தேர்வான பெண்ணின் ஆஃபர் ஒப்புதலுக்குப் போயிருந்தது. வெள்ளிக்கிழமை காலை, நான் நாற்காலியில் உட்கார்ந்த கையோடு அவரிடமிருந்து போன். "மேடம், இரண்டு நிமிடம் பேசலாமா?" என்று கேட்டுவிட்டு நேராகச் சொன்னார்: "நேற்று சாயங்காலம் வேறொரு கம்பெனியின் ஆஃபரை ஏற்றுக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். உங்கள் லெட்டர் ஒப்புதலில் இருக்கிறது என்று சொன்னீர்கள். அது வெளியே வருவதற்கு முன்னாலேயே உங்களிடம் சொல்லிவிட வேண்டும் என்று கூப்பிட்டேன்."

நானும் கேட்க வேண்டியதைக் கேட்டேன். எங்கே போகிறீர்கள், எவ்வளவு தருகிறார்கள், நாங்கள் கொஞ்சம் ஏற்றிக் கொடுத்தால் யோசிப்பீர்களா என்று. அவர் கம்பெனி பெயரையும் சொல்லவில்லை, தொகையையும் சொல்லவில்லை. "இல்லை மேடம், அவர்களிடம் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். பேரம் பேசக் கூப்பிடவில்லை" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்குப் பிறகு நான் ஏன் வற்புறுத்தப் போகிறேன்? வாழ்த்துச் சொல்லி வைத்துவிட்டேன்.

அடுத்த போனை இரண்டாவதாக இருந்த பையனுக்குப் போட்டேன். அவர் கையிலும் வேறு ஒரு ஆஃபர் இருந்தது. சனிக்கிழமை மாலைக்குள் பதில் சொல்ல வேண்டுமாம். அந்தப் பெண் கூச்சப்பட்டுக்கொண்டு திங்கட்கிழமை சொல்லியிருந்தால் இந்தப் பையன் கை நழுவிப் போயிருப்பார். நாங்கள் மறுபடி விளம்பரம், வடிகட்டல், இன்டர்வியூ என்று முதலிலிருந்து ஆரம்பித்திருப்போம். புதிதாகக் கிடைக்கிறவருக்கு 60 நாளோ 90 நாளோ நோட்டீஸ் பீரியட் இருக்கும், அதுவும் சேரும். ஒரு வெள்ளிக்கிழமை போன் அத்தனையையும் தவிர்த்தது.

பேசி முடித்த அரை மணி நேரத்தில் அவரிடமிருந்து மெயிலும் வந்தது. புதிதாக ஒரு மெயிலைத் தொடங்காமல், இன்டர்வியூ அழைப்பு வந்த அதே மெயிலுக்கு "ரிப்ளை ஆல்" கொடுத்துப் பதில் அனுப்பியிருந்தார். அதனால் பேனலில் இருந்தவர்களுக்கும் தகவல் சேர்ந்தது. மொத்தம் நான்கு வரி. ஆங்கிலத்தில்தான் எழுதியிருந்தார், பொருள் இதுதான்: "காலையில் போனில் சொன்னபடி, குவாலிட்டி இன்ஜினியர் பணிக்கான என் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். வேறு ஒரு வேலையை ஏற்றுக்கொண்டுவிட்டேன். லைனைச் சுற்றிக் காட்டி, காஸ்டிங் ரிஜெக்‌ஷன் பற்றி விளக்கிய உங்கள் தயாரிப்பு மேலாளருக்கு என் நன்றியைச் சொல்லுங்கள். நீங்கள் ஒதுக்கிய நேரத்துக்கும் நன்றி." அவ்வளவுதான். அந்த மேலாளர் அதைப் படித்துவிட்டு, "அடுத்த வருடம் இடம் காலியானால் இந்தப் பெண்ணைக் கூப்பிடுங்கள்" என்றார்.

அந்த மெயிலில் சால்ஜாப்பு இல்லை என்பதைக் கவனித்தீர்களா? "அப்பாவுக்கு உடம்பு சரியில்லை", "வீட்டில் வெளியூர் அனுப்ப மறுக்கிறார்கள்" என்று எழுதுகிறவர்கள் நிறையப் பேர். பொய் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். காரணம் சொன்னால் எச்.ஆர். அதைத் தீர்க்கப் பார்ப்பார். அப்பாவுக்கு உடம்பு சரியில்லையா, ஜாயினிங் டேட்டை ஒரு மாதம் தள்ளித் தருகிறோம் என்பார். அப்போது என்ன செய்வீர்கள்? இன்னொரு பொய் சொல்ல வேண்டும். அடுத்த மாதம் லிங்க்ட்இன்னில் உங்கள் புதுக் கம்பெனி பெயர் வந்துவிடும். "வேறு வேலையை ஏற்றுக்கொண்டேன்" என்பதற்கு மேல் யாரும் தீர்த்துவைக்க எதுவும் இல்லை.

எப்போது சொல்வது? புதுக் கம்பெனியின் லெட்டர் கைக்கு வந்த பிறகுதான். போனில் "நீங்கள் செலக்ட் ஆகிவிட்டீர்கள்" என்று சொன்னதை நம்பி இந்தப் பக்கம் வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். வாய்வார்த்தை ஆஃபர்கள் கடைசி ஒப்புதலில் நின்றுபோவதை நானே உள்ளேயிருந்து பார்த்திருக்கிறேன். பெயர், பதவி, சம்பளம், சேரும் தேதி நான்கும் எழுத்தில் இருந்து, நீங்கள் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்க வேண்டும். அதற்கு அடுத்த வேலை நாளில் அழைத்துவிடுங்கள். பழைய ஆபீசில் பேப்பர் போட்டு முடியட்டும், ரிலீவிங் தேதி தெரியட்டும் என்றெல்லாம் இழுக்க வேண்டாம். எச்.ஆர். போனை எடுக்கவில்லை என்றால் மெயிலை அன்றைக்கே அனுப்பிவிட்டு, மறுநாள் இன்னொரு தடவை முயலுங்கள்.

அப்புறம், பேக்ரவுண்ட் செக்குக்குச் சம்மதம் கொடுத்திருந்தால் அதை நிறுத்தச் சொல்லி அதே மெயிலில் ஒரு வரி சேருங்கள். அந்த வேலையைப் பெரும்பாலும் வெளி ஏஜென்சிதான் செய்யும். நீங்கள் விலகியது அவர்களுக்குப் போய்ச் சேரவில்லை என்றால், நீங்கள் இப்போது வேலை பார்க்கிற ஆபீசுக்கே விசாரித்து மெயில் போய் நிற்கும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து நேரம் முடியப் போகிறது என்று கை காட்டுகிறார்கள். இரண்டு விஷயம் பாக்கி, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கன்சல்டன்ட் மூலமாகப் போனவர்கள் முதலில் கன்சல்டன்ட்டிடம் சொல்லுங்கள். ஆனால் எச்.ஆரிடம் நேரில் பேசியிருந்தால் அவருக்கும் அதே நாளில் மெயில் போக வேண்டும். கன்சல்டன்ட்டுக்குக் கமிஷன் பெரும்பாலும் நீங்கள் வேலையில் சேர்ந்தால்தான் என்பதால், உங்கள் மனம் மாறுமா என்று பார்க்க அவர் தகவலைச் சில நாள் பிடித்து வைக்கலாம்.

இன்னொன்று, விலகுகிற கம்பெனியின் ஆஃபரிலேயே கையெழுத்துப் போட்டுவிட்டவர்கள். உங்களுக்கு இது வேறு கதை. அழைப்பதற்கு முன் அந்த லெட்டரை முழுதாகப் படியுங்கள். சேராவிட்டால் என்ன என்று ஏதாவது ஷரத்து இருக்கிறதா, ஜாயினிங் போனஸ், லேப்டாப் என்று ஏதாவது வாங்கியிருக்கிறீர்களா என்று பாருங்கள். வாங்கியிருந்தால் எந்தத் தேதியில் திருப்பிக் கொடுப்பீர்கள் என்பதையும் மெயிலில் எழுதி, பெற்றுக்கொண்டதற்கு எழுத்தில் ஒரு பதிலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நன்றி, வணக்கம்.