பங்கு கைமாறினால் வாடகை ஒப்பந்தம் என்னவாகும்?

நேயர்களுக்கு வணக்கம்.

ஒரு கம்பெனி தன் தொழிலுக்காக ஒரு கட்டடத்தைப் பத்து வருட ஒப்பந்தத்தில் வாடகைக்கு எடுக்கிறது. மூன்றாம் வருடம் அந்தக் கம்பெனியை வேறொருவர் வாங்கிவிடுகிறார். அப்போது அந்த வாடகை ஒப்பந்தம் என்ன ஆகும்? இன்று இதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

ஒரு கம்பெனியை இரண்டு விதமாக வாங்கலாம். இயந்திரம், சரக்கு, வாடிக்கையாளர்கள் என்று தொழிலை மட்டும் வாங்கினால், வாடகை ஒப்பந்தத்தையும் வாங்குபவர் பெயருக்கு மாற்றியாக வேண்டும். என் ஒப்புதல் இல்லாமல் இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்கக் கூடாது என்று கட்டட உரிமையாளர் ஏற்கெனவே எழுதி வாங்கியிருப்பார். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

இன்னொரு வழி, கம்பெனியின் பங்குகளை வாங்குவது. இங்கே வாடகைதாரர் மாறுவதே இல்லை. சட்டத்தின் பார்வையில் கம்பெனி தனி ஆள். நேற்று வாடகை கட்டிய அதே கம்பெனிதான் இன்றும் கட்டுகிறது. பலகையும் அதேதான், வங்கிக் கணக்கும் அதேதான். உள்ளே முடிவெடுப்பவர்கள் மட்டும் வேறு ஆட்கள். ஒப்பந்தத்தை மாற்றிக் கொடுக்கக் கூடாது என்ற தடை இதைத் தொடாது. அந்த இடைவெளியை அடைக்கத்தான் கட்டுப்பாடு மாற்றம் பற்றிய ஷரத்து வந்தது. கம்பெனியின் கட்டுப்பாடு மாறினால், ஒப்பந்தத்தையே வேறொருவருக்கு மாற்றிக் கொடுத்ததாக அதைக் கருத வேண்டும், அதற்கு முன்கூட்டியே ஒப்புதல் வாங்க வேண்டும் என்று அது சொல்லும்.

கட்டட உரிமையாளர் இதைக் கேட்பதில் நியாயம் இருக்கிறது. யார் நடத்துகிறார்கள் என்று பார்த்துத்தானே அவர் பத்து வருடத்துக்கு இடம் கொடுத்தார்? நான் குறை சொல்வது ஷரத்தை அல்ல. அதில் "கட்டுப்பாடு" என்றால் என்ன என்று விளக்கும் அந்த ஒற்றை வாக்கியத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறார்களே, அதைத்தான்.

என்னிடம் வந்த ஒரு விவகாரத்தைச் சொல்கிறேன். ஒரு கம்பெனியை இரண்டு பேர் சேர்ந்து தொடங்கினார்கள். மொத்தம் 100 பங்கு. ஒருவரிடம் 60, மற்றவரிடம் 40. தொழில் வளர்ந்தது, பணம் தேவைப்பட்டது, ஒரு முதலீட்டாளர் வந்தார். இருவரும் தங்கள் பங்கில் ஒன்றைக்கூட அவருக்கு விற்கவில்லை. கம்பெனியே புதிதாக 50 பங்குகளை வெளியிட்டு அவருக்குக் கொடுத்தது. இப்போது மொத்தம் 150. முதலாமவரிடம் அதே 60 பங்குதான் இருக்கிறது. ஆனால் 150-இல் 60 என்பது 40 சதவீதம்தான். அறுபது சதவீதக்காரர் நாற்பது சதவீதக்காரர் ஆகிவிட்டார். மற்றவரிடம் 27 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. முதலீட்டாளரிடம் மூன்றில் ஒரு பங்கு. பாதிக்கு மேல் யாரிடமும் இல்லை.

இதைக் கவனியுங்கள். யாரும் எதையும் விற்கவில்லை. அதனால்தான் வாடகை ஒப்பந்தத்தை எடுத்துப் பார்க்க வேண்டும் என்று அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை.

இதே நிகழ்வை மூன்று விதமான வாசகங்களுக்கு முன்னால் வைத்துப் பார்ப்போம். "பாதிக்கு மேற்பட்ட பங்குகள் விற்கப்பட்டால்" என்று எழுதியிருந்தால் சிக்கல் இல்லை. விற்பனையே நடக்கவில்லை. "புதிதாக ஒருவர் பாதிக்கு மேற்பட்ட வாக்குரிமையைப் பெற்றால்" என்று எழுதியிருந்தாலும் சிக்கல் இல்லை. முதலீட்டாளருக்கு மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் "ஒப்பந்த நாளில் கட்டுப்பாடு வைத்திருந்தவர் அதை இழந்தால்" என்று எழுதியிருந்தால்? முதலாமவர் தன் பெரும்பான்மையை இழந்துவிட்டார். ஷரத்து பாய்ந்துவிடும். அந்த ஒப்பந்தத்தில் இருந்தது மூன்றாவது வாசகம்.

எப்படி வெளியே தெரிந்தது என்கிறீர்களா? கம்பெனி வருடந்தோறும் தன் கணக்கறிக்கையைக் கட்டட உரிமையாளருக்குத் தர வேண்டும் என்று அதே ஒப்பந்தம் சொல்லியிருந்தது. அறிக்கையில் பங்குதாரர் பட்டியல் இருந்தது, அதில் புதுப் பெயர். உரிமையாளரின் வழக்கறிஞர் பார்த்துவிட்டார். ஒப்புதல் இல்லாமல் கட்டுப்பாடு மாறியது ஒப்பந்த மீறல், மீறினால் இடத்தைத் திரும்பப் பெறலாம் என்று நோட்டீஸ் வந்தது. உள்ளே பெரும் செலவில் இயந்திரங்களைப் பொருத்தியிருந்தார்கள், கிளம்ப முடியாது. வைப்புத்தொகையைக் கூட்டி, புது ஜாமீன் கொடுத்துத்தான் விவகாரம் முடிந்தது. முன்பே கேட்டிருந்தால் ஒரு கடிதத்தில் முடிந்திருக்கும். முதலீடு வரும்போதே, இந்த ஒப்புதல் கிடைத்த பிறகுதான் பணமும் பங்கும் கைமாறும் என்று நிபந்தனை போட்டிருக்கலாம்.

சரி, ஒப்பந்தம் இன்னும் கையெழுத்தாகவில்லை என்றால் வாடகைதாரர் என்ன கேட்கலாம்? புதுப் பங்கு வெளியீட்டால் சதவீதம் குறைவதை, நிர்வாகம் பழையவர்கள் கையில் இருக்கும்வரை, ஷரத்திலிருந்து விலக்கச் சொல்லலாம். ஒப்புதலை நியாயமான காரணம் இல்லாமல் மறுக்கக் கூடாது என்று எழுதச் சொல்லலாம். பதிலுக்கு ஒரு கெடுவும் வேண்டும். உதாரணமாக 15 வேலை நாள், அதற்குள் பதில் இல்லை என்றால் ஒப்புதல் கொடுத்ததாகக் கொள்ளலாம் என்று. கம்பெனி விற்பனைக்கு ஒரு தேதி இருக்கும். உரிமையாளர் மறுக்க வேண்டியதில்லை, பேசாமல் இருந்தாலே போதும், விற்பனை தள்ளிப்போகும்.

இன்னொன்றையும் தேடிப் பாருங்கள். சில ஒப்பந்தங்களில், ஒப்புதல் கேட்டு விண்ணப்பம் வந்ததும், ஒப்புதல் தருவதற்குப் பதிலாக ஒப்பந்தத்தையே முடித்துக்கொள்ளும் உரிமை கட்டட உரிமையாளருக்கு இருக்கும். அதாவது, நீங்கள் முறையாகக் கேட்டதே இடத்தை இழக்கக் காரணமாகலாம். சந்தையில் வாடகை ஏறியிருக்கும் நேரத்தில் அவர் அந்த உரிமையைப் பயன்படுத்தத்தான் செய்வார். அந்த வரியை எடுக்க மாட்டேன் என்று அவர் பிடிவாதம் பிடித்தால், உரிமையாளர் முடித்துக்கொள்வதாகச் சொன்னால் விண்ணப்பத்தைத் திரும்பப் பெறலாம் என்ற ஒரு வரியையாவது சேர்த்துக்கொள்ளுங்கள்.

நேரம் நெருங்குகிறது. மறுசீரமைப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரே குழுமத்துக்குள் பங்குகளையோ ஒப்பந்தத்தையோ மாற்றிக்கொள்வதற்குப் பெரும்பாலும் விலக்கு இருக்கும். அதை நம்பி, முதலில் ஒப்பந்தத்தைப் புதுத் துணை நிறுவனத்துக்கு மாற்றிவிட்டு, பிறகு அந்தத் துணை நிறுவனத்தையே வெளியாருக்கு விற்பார்கள். முதல் படிக்கு விலக்கு உண்டு, இரண்டாவது படிக்கு இல்லை. குழுமத்தை விட்டு வெளியேறும் நாளில் ஒப்புதல் தேவை என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். தாய் நிறுவனத்தின் பங்குகள் கைமாறினாலும், அதாவது உங்கள் கம்பெனிக்கு இரண்டு படி மேலே மாற்றம் நடந்தாலும், "மறைமுகமாக" என்ற சொல் ஷரத்தில் இருந்தால் அது உங்களைத் தொடும்.

கம்பெனியை விற்பவர்களுக்கும் ஒன்று. வாடகைக்காக நீங்கள் கொடுத்த தனிப்பட்ட ஜாமீன், பங்குகளை விற்றதும் தானாகப் போய்விடாது. புதியவர் வாடகை கட்டத் தவறினால் உங்களைத் தேடி வருவார்கள். உரிமையாளர் எழுத்தில் விடுவித்து, புதியவரின் ஜாமீனை ஏற்ற பிறகு விற்பனைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுங்கள். வணக்கம்.