பிழை நோட்டில் "ஒற்றுப்பிழை" என்று மட்டும் எழுதினால் போதுமா?

கேள்வி: "சார், குரூப் 2 மெயின்ஸுக்காகத் தினமும் ஒரு பக்கம் எழுதிப் பாக்குறேன். ரெண்டு மாசமாப் பிழை நோட்டும் போடுறேன். ஆனா அதே ஒற்றுப்பிழைதான் திரும்பத் திரும்ப வருது. எங்க தப்பு பண்றேன்?" (திருமங்கலத்திலிருந்து ஒரு நேயர்)

தம்பி, நீங்க அனுப்புன நோட்டுப் பக்கங்களையும் கட்டுரைத் தாள்களையும் பாத்தேன். நோட்டுல மொத்தம் 11 பிழை ஏத்தியிருக்கீங்க. எல்லாத்துக்கும் நேரா ஒரே வார்த்தை, 'ஒற்றுப்பிழை'. டாக்டர் சீட்டுல 'உடம்பு சரியில்ல'ன்னு எழுதுன மாதிரி இருக்கு. எதுக்கு மருந்து குடுக்குறது?

அந்தப் பதினொண்ணையும் பிரிச்சுப் பாருங்க. 'வைகையில் தண்ணீர் வந்துச் சேர்ந்தது', 'என்றுக் கூறினார்', 'சாலை செய்துக் கொடுத்தது'ன்னு தேவையில்லாம ஒற்றுப் போட்டது 7. 'திட்டத்தை தொடங்கினார்' மாதிரி ஐ, கு உருபுக்குப் பின்னால விட்டது 3. 'படித்தப் பெண்கள்' 1.

இப்பச் சரியா எழுதுன இடத்தையும் எண்ணணும். இதை யாரும் செய்றதில்ல. ஐ, கு உருபுக்குப் பின்னால வல்லினம் வர்ற இடம் உங்க தாள்கள்ல 24 இருக்கு, விட்டது 3. அப்ப விதி தெரியாம இல்ல, வேகத்துல கை விட்டுப் போகுது. அதுக்குப் பயிற்சி வேணாம், கடைசி அஞ்சு நிமிஷம் உருபை மட்டும் தேடிப் பாத்தாப் போதும். ஆனா 'வந்து', 'என்று', 'செய்து' வகை 9 இடத்துல வருது, 7 தப்பு. இங்கதான் உக்காரணும்.

நோட்டுல ஒரு பதிவு எப்படி இருக்கணும்னா, முதல்ல முழு வாக்கியம். அடுத்த சொல்லு எந்த எழுத்துல ஆரம்பிக்குதுங்கறதுதான் விஷயமே, அதனால சொல்லை மட்டும் எழுதுனா ஆகாது. அப்புறம் திருத்துன வடிவம். மூணாவது, 'நான் என்ன நெனச்சு இப்படி எழுதுனேன்'. நாலாவது, 'எதைக் கவனிக்கல'. திரையில பாருங்க:

எழுதியது: 'பணிகள் முடியும் என்றுக் கூறினார்.'
திருத்தம்: 'என்று கூறினார்.'
நெனச்சது: வினையெச்சத்துக்குப் பின்னால வலி மிகும்.
கவனிக்காதது: 'று'வுக்கு முன்னாடி 'ன்' இருக்கு.

அந்த மூணாவது வரியிலதான் நோய் தெரியுது. பாதி விதியைத்தான் மனப்பாடம் பண்ணியிருக்கீங்க. வன்தொடர்க் குற்றியலுகரமா முடியுற வினையெச்சத்துக்குத்தான் மிகும். முன்னாடி இருக்கிற மெய் வல்லினமா இருந்தா, அதாவது த்து, ட்டு, ற்றுன்னு முடிஞ்சா ஒற்று வரும்: படித்துப் பார்த்தான், கேட்டுக் கொண்டான், விற்றுக் கொடுத்தான். ந்து, ண்டு, ன்று, ய்துன்னு முடிஞ்சா வராது: வந்து போனான், கண்டு களித்தான், சென்று பார்த்தான், செய்து கொடுத்தான். இந்தச் சோதனை து, டு, றுன்னு முடியுற எச்சத்துக்கு மட்டும்தான். 'ஓடிப் போனான்', 'வரச் சொன்னான்' இதுக்கெல்லாம் இதை நீட்டாதீங்க, அது வேற கணக்கு.

பயிற்சிக்கு உங்க கட்டுரையிலருந்தே 12 வாக்கியம் எடுங்க. ஆறு ஒற்று வர்றது, ஆறு வராதது, கலைச்சுப் போட்டு எழுதுங்க. ஒரே வகையா அடுக்குனா மூணாவது வாக்கியத்துலயே கை தானா ஓடிரும், கண்ணு பாக்காது. ஒற்று வந்தாலும் வராட்டியும் எல்லா எச்சத்துக்குப் பின்னாலயும் கோடு விடுங்க: 'மாட்டுத்தாவணியில் பேருந்தை விட்டு__ சென்றனர்', 'மல்லிகையைக் கொண்டு__ போனார்'. கோட்டை நிரப்புறதுக்கு முன்னாடி து, டு, றுவுக்கு முந்துன மெய்யை வட்டம் போடணும். வட்டம் போடாம நிரப்புனது சரியா இருந்தாலும் அதைக் கணக்குல சேக்காதீங்க. அதே தாளை மூணாம் நாளும் ஏழாம் நாளும் புதுசாப் போட்டுப் பாருங்க.

கோடு நிரப்புறதுல 12-க்கு 12 எடுத்துட்டு, கட்டுரையில மறுபடி 'வந்துச் சேர்ந்தது'ன்னு எழுதுறவங்க நெறைய. கோடு இருந்தா மூளை உஷாராயிடும், கட்டுரையில கோடு ஏது? அதனால ரெண்டாவது வாரம் சித்திரைத் திருவிழாவுக்குப் போய்ட்டு வந்ததைப் பத்து வரியில எழுதுங்க, து, டு, று எச்சம் குறைஞ்சது எட்டு இருக்கணும்னு மட்டும் கட்டாயம். எழுதி முடிச்சு மறுநாள் திருத்துங்க. அன்னைக்கே பாத்தா, எழுதுனது தெரியாது, எழுத நெனச்சதுதான் தெரியும்.

இன்னொண்ணு. 'படித்துப்'ல அழுத்திப் பழகுனா, 'படித்தப் பெண்கள்' மாதிரிப் பிழை கூடும். 'படித்த' பெயரெச்சம், அங்க மிகாது. அதனால ரெண்டாவது தாள்லருந்து 'படித்த பெண்', 'கேட்ட கேள்வி', 'விற்ற பொருள்'னு மூணு வாக்கியத்தை நடுவுல சொருகுங்க. வரிசையா மூணு கட்டுரையில 'வந்துச் சேர்ந்தது' வகைப் பிழை ஒண்ணும் வரலைன்னா, நோட்டுல அந்தப் பக்கத்துக்கு மேல தேதி போட்டு மூடிட்டு, அடுத்து எண்ணிக்கை அதிகமா இருக்கிற வகைக்குப் போங்க. ஒரே நேரத்துல ரெண்டு வகையை எடுக்காதீங்க.