பாஸ்வேர்டு மாற்றியாச்சு, லேப்டாப் ஏற்கவில்லை: டிவைஸ் டனலா, யூசர் டனலா?

[திரையில்: விண்டோஸ் லாகின் திரை]

பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறையில் வீடு, கோயம்புத்தூரில் ஆபீஸ். வாரத்தில் பாதி நாள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் ஒருவர் பாஸ்வேர்டை மறந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். ஹெல்ப்டெஸ்க் புதிய பாஸ்வேர்டு போட்டுக் கொடுக்கிறது. அதை அடித்தால் "தவறு" என்கிறது லேப்டாப்.

காரணம் இதுதான். புதிய பாஸ்வேர்டு ஆபீஸில் எல்லோருடைய லாகினையும் சரிபார்க்கும் சர்வரான டொமைன் கன்ட்ரோலருக்குத்தான் தெரியும். லேப்டாப்பில் சேமித்திருப்பது பழையதன் அடையாளம் மட்டுமே. ஆபீஸ் நெட்வொர்க்கோடு இணைக்கும் விண்டோஸின் ஆல்வேஸ் ஆன் விபிஎன் இருக்கிறதே என்றால், அதில் இருப்பது யூசர் டனல். ஆள் லாகின் ஆன பிறகுதான் கிளம்பும். லாகின் ஆக விபிஎன் வேண்டும், விபிஎன் வர லாகின் ஆக வேண்டும்!

[திரையில்: லாகின் திரைக்கு முன்பே ஆபீஸுக்குப் போகும் கோடு]

டிவைஸ் டனல் ஆளுக்காகக் காத்திருக்காது. லேப்டாப் ஆன் ஆகி நெட் கிடைத்ததும், லேப்டாப்புக்கென்றே கொடுத்த அடையாளச் சான்றான மெஷின் சர்டிஃபிகேட்டைக் காட்டித் தானே இணையும். லாகின் திரையிலேயே வைஃபை கிடைத்துவிட்டால் போதும், புதிய பாஸ்வேர்டு நேராக டொமைன் கன்ட்ரோலரிடம் போய்ச் சரிபார்க்கப்படும். அந்த லேப்டாப்பில் இதுவரை லாகின் ஆகாத புது ஆளும் இப்படித்தான் வீட்டிலிருந்தே உள்ளே வர முடிகிறது.

அப்படியானால் இது ஒன்றே போதாதா? போதாது. டிவைஸ் டனல் நம்புவது மெஷினை. உட்கார்ந்திருப்பது யார் என்று அதற்குத் தெரியாது. அதனால் டொமைன் கன்ட்ரோலர், டிஎன்எஸ், லேப்டாப்பை நிர்வகிக்கும் சர்வர்கள், இவற்றுக்கு மட்டும் வழி விடுங்கள். ஃபைல் சர்வரும் மற்ற அப்ளிகேஷன்களும் யூசர் டனல் வழியாகவே போகட்டும். இந்த இடத்தில் தாராளம் காட்ட வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

[திரையில்: கமாண்ட்]

டிவைஸ் டனல் வழக்கமான நெட்வொர்க் பட்டியலில் தெரியாது. பவர்ஷெல்லில் பாருங்கள்:

```
Get-VpnConnection -AllUserConnection
```

ConnectionStatus என்ற வரியில் Connected என்று வந்தால் சரி. வராவிட்டால் ஈவன்ட் வியூவரில், அப்ளிகேஷன் லாகில் RasClient பதிவுகளைத் தேடுங்கள். பிழை எண் 13801 என்றால் முதலில் சர்டிஃபிகேட்டைச் சந்தேகப்படுங்கள். 809 என்றால் பெரும்பாலும் வழியில் யுடிபி 500, 4500 போர்ட்டுகள் அடைபட்டிருக்கும்.

இந்த 809 அடிக்கடி வரும். டிவைஸ் டனலுக்கு, அந்த யுடிபி போர்ட்டுகளில் போகும் ஐகேஇவி2 என்ற விபிஎன் முறை தவிர வேறு வழி கிடையாது. லாட்ஜ் வைஃபை, சில மொபைல் ஹாட்ஸ்பாட்டுகளில் அது நின்றுபோகும். யூசர் டனலுக்கோ எஸ்எஸ்டிபி என்ற இன்னொரு முறையும் இருக்கிறது. அது டிசிபி 443-இல் போவதால் பெரும்பாலான இடங்களில் தப்பித்துவிடும். அதனால் யூசர் டனலை எஸ்எஸ்டிபியோடு வையுங்கள்.

அப்புறம், லேப்டாப் வாங்கும் முன்பே பார்க்க வேண்டியது ஒன்று: டிவைஸ் டனலுக்கு விண்டோஸ் என்டர்பிரைஸ் அல்லது எஜுகேஷன் பதிப்பு வேண்டும், மெஷின் டொமைனில் சேர்ந்திருக்கவும் வேண்டும். ப்ரோ பதிப்பில் யூசர் டனல் மட்டும்தான்.